இருபத்து மூன்று தாள்களும் ஒரு சொல்லும்

வீட்டைக் காலி செய்வதில் குன்வோருக்கு ஒரே ஒரு சட்டம்தான். பத்து வருடமாகத் திறக்காத எதுவும் புது ஃப்ளாட்டுக்கு வரக்கூடாது. இந்தச் சட்டப்படி மூன்று பெட்டி மீன்வலை போனது, ஒரு தையல் மெஷின் போனது, பெரிய மாமா விட்டுப்போன அக்கார்டியன் போனது. ஜனவரி முதல் வாரத்தில் சட்டம் மாடி அறையின் அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

"இந்தப் பழுப்புக் கவர்ல என்ன?" என்று கீழே இருந்து கேட்டாள்.

"ஸ்கூல் பேப்பர்," என்றார் ரைதார்.

"அப்போ அடுப்புக்கு."

"பார்த்துட்டுச் சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு. அப்புறம் நான் பார்ப்பேன்."

குன்வோரின் கணவர் ரைதார் லிண்ட்வோல் வடக்கே, பனி விழும் ஒரு தீவின் பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தீவு அவரை விடவில்லை. அங்கே யாருக்காவது அறுபது வயது நிறைந்தால், கல்யாணம் என்றால், விருந்தில் எல்லோரும் கையில் தாளை வைத்துக்கொண்டு சேர்ந்து பாட ஒரு பாட்டு வேண்டும். தெரிந்த மெட்டு, புது வரிகள், விருந்துக்காரரைப் பற்றி நாலு கிண்டல். அதை எழுதுபவர் ரைதார். காபி ஆறுவதற்குள் எழுதிவிடுவார். எதுகை தானாக வந்து விழும்.

பழுப்புக் கவரில் இருந்தது வேறு. எதுகை இல்லாத இருபத்து மூன்று கவிதைகள். பள்ளியில் மிஞ்சிய நகல் தாள்களின் வெற்றுப் பக்கத்தில் நீல மையில் எழுதியவை. ஒருவரிடமும் காட்டியதில்லை. காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். "மோசமில்ல" என்பார்கள். அந்தத் தீவில் நல்ல மழைக்கும் மோசமில்ல, நல்ல மருமகனுக்கும் மோசமில்ல. அதற்குமேல் ஒரு சொல்லை எவரும் செலவழிப்பதில்லை. குன்வோர் என்ன சொல்வாள் என்பது மட்டும் தெரியாது. அதனால்தான் நாற்பது வருடமாகக் கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும், இவை அடுப்புக்கா ஃப்ளாட்டுக்கா என்று.

தீவில் இல்லாத ஒருவரிடம் காட்டுவது என்று முடிவு செய்தார். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் அந்த ஏ.ஐ. எந்திரம் அவருடைய கணினியிலும் இருந்தது. மீன்பண்ணைக்கு ஆட்சேபக் கடிதம் எழுத ஒரு தடவை உதவியிருந்தது. செவ்வாய்க்கிழமை முதல் தாளைச் சமையலறை மேஜையில் வைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து, போனில் படம் பிடித்து அனுப்பினார். கூடவே பள்ளி ஆய்வாளருக்கு எழுதுவதுபோல ஒரு முழுப் பத்தி: மதிப்பிற்குரிய ஐயா, இது நான் பல வருடங்களுக்கு முன் எழுதியது, தங்கள் கருத்தைத் தயவுடன் தெரிவிக்கவும், இத்யாதி.

பதில் உடனே வந்தது. முதலில் கவிதையை அச்செழுத்தில் எடுத்துத் தந்திருந்தது. அதன் கீழே, நெஞ்சைத் தொடுகிறது, நுட்பமான அவதானிப்பு, கடைசி வரி மனதில் நிற்கிறது.

கடைசி வரி அவருடையது அல்ல.

ரைதார் சிவப்புப் பென்சிலை எடுத்தார். தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். முதல் எட்டு வரிகள் சரி. பிறகு போனைப் பிடித்த கையின் நிழல் தாளில் விழுந்திருந்த இடம். அங்கே தாளில் மூன்று வரி அவர் எழுதியது, திரையில் மூன்று வரி அவர் எழுதாதது. எழுதாதவை இழைந்து ஓடின. அலை, வெளிச்சம், மௌனம் என்று எல்லாம் இருந்தன.

'கடைசி மூன்று வரிகளை எங்கிருந்து எடுத்தீர்கள்?' என்று தட்டினார்.

அது ஒப்புக்கொண்டது. படத்தின் கீழ்ப்பகுதி இருட்டாக இருந்ததால் சரியாகப் படிக்க முடியவில்லை, பொருத்தமாகத் தோன்றியதைக் கொண்டு நிரப்பிவிட்டேன், படிக்க முடியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

"என்ன ஆச்சு, முகம் இப்படி இருக்கு?" என்றாள் குன்வோர், காலுறையைத் தேடிக்கொண்டே.

"ஒரு பையன் வீட்டுப்பாடம் செய்யாம வந்திருக்கான். ஆனா கையெழுத்து அழகா இருக்கு."

"நீதான் ரிட்டையர் ஆயிட்டியே. விடு."

அவர் விடவில்லை. மறுநாள் காலையில் ஒரு சோதனை வைத்தார். பல் டாக்டரின் அறுபதாம் பிறந்தநாளுக்குப் பத்து நிமிடத்தில் எழுதிய பாட்டை, அதே மரியாதைப் பத்தியோடு அனுப்பினார். அதில் 'பல்' என்ற சொல்லுக்கு ஒன்பது எதுகை உண்டு. வேறு ஒன்றும் கிடையாது. பதில் வந்தது: நெஞ்சைத் தொடுகிறது.

ரைதார் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அவருக்குத் தெரிந்த சங்கதிதான் இது. 'நல்லாயிருக்கு இல்ல?' என்று வகுப்பில் கேட்டால் இருபது தலையும் ஆமாம் என்று ஆடும். கருத்து கேட்டால் கருத்து வரும், பாராட்டு வேண்டும் என்ற வாசனை கேள்வியில் இருந்தால் பாராட்டு வரும். கேள்வியின் வடிவத்திலேயே பதில் வார்க்கப்பட்டுவிடுகிறது. அப்படியானால் கேட்காமல் இருந்தால்?

சின்ன வகுப்புகளில் அங்கே மதிப்பெண் கிடையாது. பிள்ளைகளின் நோட்டில் ஆசிரியர் பக்கத்தின் அடியில் ஒரே சொல்லைத்தான் எழுதுவார்: பார்த்தேன். பக்கத்தில் தேதி, பெயரின் முதல் எழுத்து. சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. நீ எழுதினாய், ஒரு கண் அதன்மேல் பட்டது, அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. திருப்பி அவருக்கு யாரும் எழுதியதில்லை.

வியாழக்கிழமை கவரை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் யோர்டிஸுக்கு ஐம்பது வயது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புவரை அவரிடம் படித்தவள்.

"நிழல் விழாம படம் எடுக்கணும்," என்றார்.

"அதுக்குத்தான் இந்த ராட்சசன் இருக்கான்." அவள் ஸ்கேனரைத் தட்டினாள். "கட்டா மேல வைங்க, தானே இழுத்துக்கும். என்னது இது, கையெழுத்து? ஐயோ ரைதார், உங்க 'பார்த்தேன்' இன்னும் என் கனவுல வருது."

"படிக்காதே."

"உங்க கையெழுத்தை யாரு படிக்க முடியும்? பயப்படாதீங்க."

எந்திரம் தாள்களை ஒவ்வொன்றாக விழுங்கித் துப்பியது. இருபத்து மூன்றும் ஒரே கோப்பாகச் சேர்ந்து அவருடைய மின்னஞ்சலுக்குப் போயிற்று. ஊரின் பழைய ஆவணங்களை எடுப்பதற்காக அந்த ஸ்கேனரை எப்போதும் ஒரு விதமாகத்தான் வைத்திருப்பாள் யோர்டிஸ். அதை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. குன்வோர் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் செவிலியாக இருந்தவள். அறுபத்தெட்டு வயதிலும் வாரம் இரண்டு நாள், ஆள் குறைந்தால், காலை முறைக்குப் போய்விடுவாள். ரைதார் காபி ஊற்றிக்கொண்டு, புதிதாக ஓர் உரையாடலைத் திறந்தார். பழையதில் தொடர்ந்தால் பல் டாக்டரும் மன்னிப்பும் அதன் பார்வையில் இருந்துகொண்டே இருக்கும். புதியதில் அது அவரைத் தெரியாத ஆள். கோப்பை ஏற்றினார். மதிப்பிற்குரிய ஐயா இல்லை, தயவு இல்லை. ஒரே சொல் தட்டினார்.

'பார்.'

இந்த முறை பதில் வரச் சற்று நேரம் எடுத்தது. வந்தது இதுதான்:

'பார்த்தேன். பார் என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். திருத்தச் சொல்லவில்லை, மதிப்பிடவும் சொல்லவில்லை. அதனால் இரண்டையும் செய்யவில்லை. கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

'கோப்பில் நாற்பத்தாறு பக்கங்கள். இருபத்து மூன்றில் கையால் எழுதிய கவிதைகள். மற்ற இருபத்து மூன்றும் அதே தாள்களின் மறுபக்கம் என்று நினைக்கிறேன்: கணக்குப் பயிற்சிகள், பெற்றோர் கூட்ட அறிவிப்புகள். ஒன்றில் மாணவர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் உள்ளன. அதை அனுப்ப நினைத்தீர்களா என்று தெரியாததால் அந்தப் பக்கத்தை எடுத்து எழுதவில்லை.

'கையெழுத்தில் பதினொரு சொற்களை என்னால் உறுதியாகப் படிக்க முடியவில்லை. நாலாவது கவிதையில் வருபவர் கையில் இருப்பது சுரண்டியா சுருளா என்பது ஒன்று.

'பல மறுபக்கங்களில் தேதி இருக்கிறது. தாள் அச்சான கொஞ்ச நாளில் கவிதையும் எழுதப்பட்டிருந்தால், முதலாவது 1986 நவம்பர், கடைசி 2009 பிப்ரவரி. தாள் பல வருடம் கிடந்து பிறகு பயன்பட்டிருக்கவும் கூடும். அதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

'ஒன்பது கவிதைகளில் ஓர் ஆள் வருகிறார். ஒரே ஆள் என்று தோன்றுகிறது, என் ஊகம்தான். அவருக்குப் பெயர் இல்லை. ஒன்பதிலும் முகம் இல்லை. தோள், முதுகு, கையுறை, குனிந்த தலை. ஆறில் குளிர்காலக் காலை, வெளியே ஒரு கார், அவர் அதன் கண்ணாடியிலிருந்து பனியை எடுக்கிறார், பார்ப்பவர் உள்ளே நிற்கிறார். தேதிகள் சரியென்றால் முதல் கவிதையிலும் அவர் இருக்கிறார், கடைசியிலும் இருக்கிறார்.

'அச்செழுத்தில் எடுத்துத் தரவா, கருத்துச் சொல்லவா, அல்லது இதுவே போதுமா?'

ரைதார் இரண்டு தடவை படித்தார். முதல் தடவை ஓர் ஆசிரியராக: அந்தப் பதினொரு சொற்கள் எவையாக இருக்கும் என்று யோசித்தார். சுருள் இல்லை, கார்க் கண்ணாடியில் பனி எடுக்கும் சுரண்டி. தேதியும் சரிதான், கூடுதலாக அச்சான தாளை அந்த வாரமே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது அவர் பழக்கம். இரண்டாம் தடவை படித்தபோது ஒன்பது என்ற எண்ணில் நின்றார்.

அவருக்கு அது தெரியாது. ஒன்று கடல் வற்றி நிற்பதைப் பற்றி எழுதியது, ஒன்று தபால் பெட்டியைப் பற்றி, ஒன்று அப்பாவின் சாவுக்கு மறுநாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, வருடங்கள் தள்ளி எழுதினார். தபால் பெட்டிக் கவிதையை எடுத்துப் பார்த்தார். மூன்றாம் வரியில், பெட்டிக்கு அப்பால், ஒரு முதுகு குனிந்திருந்தது. அவர் அதைப் பொருளாக வைக்கவில்லை. மாடி ஜன்னலில் காபியோடு நின்றால் கண்ணில் படுவதில் அதுவும் ஒன்று, பிர்ச் மரம் மாதிரி.

பள்ளி எட்டரைக்கு. குன்வோரின் வேலை ஏழுக்கு. இருபத்து மூன்று குளிர்காலம்.

காபி ஆறியபோதுதான் இன்னொன்று உறைத்தது. பெயர்ப் பட்டியல். கவரைக் கவிழ்த்துத் தேடினார். 1994-ஆம் வருட நான்காம் வகுப்பு, பதினாறு பிள்ளைகள், வீட்டு எண்களோடு. மாணவன் பெயரை வகுப்பறைக்கு வெளியே உச்சரிக்காத மனிதர் மொத்தப் பட்டியலையும் வெளியே ஏற்றிவிட்டார். உடனே யோர்டிஸைக் கூப்பிட்டார்.

"அது எப்பவும் ரெண்டு பக்கமும் எடுக்கும், நான் சொல்லலியா?"

"சொல்லல."

"நீங்கதான் சொல்வீங்க, தாளைத் திருப்பிப் பார்க்காதவன் பாதிப் பதிலை விட்டுடுவான்னு. சரி, அதுக்கா கோபம்? இந்தப் பக்கம் இருக்கிறதை அழிச்சிடறேன். உங்க பக்கம் நீங்க அழிங்க."

அழித்தார். கோப்பை அழித்தார், உரையாடலையும் முழுதாக அழித்தார். 'நிச்சயமாகவா?' என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். பிறகுதான் அந்தப் பதிலை எங்கும் எடுத்து வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. மறுபடி அனுப்பினால் இதே வார்த்தைகள் வரும் என்று சொல்ல முடியாது, ஒன்பதுக்குப் பதிலாக வேறெதையாவது பார்க்கும். எந்திரம் கண்டது இப்போது அவர் தலையில் மட்டும்தான் இருந்தது. அதை யாரிடமாவது சொல்வதானால் அவர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியம், வெளியே பனியின்மேல் நல்ல வெயில். மேஜையில் லெஃப்ஸே ரொட்டி, வெண்ணெய். ஒரு பக்கம் 'ஃப்ளாட்' என்று எழுதிய பெட்டிகள், மறுபக்கம் அடுப்புக்கான சாக்கு.

"கவர்?" என்றாள் குன்வோர்.

ரைதார் ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்பது, முதுகு, 1986 எல்லாம் அதில் இருந்தன. அதை அப்படியே விட்டார். கவரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பாரு," என்றார்.

உடனே எழுந்து கொட்டகைக்குப் போனார். அங்கே அடுக்க எதுவும் பாக்கி இல்லை. ஆணி டப்பாவைத் திறந்து ஆணிகளை நீளவாரியாகப் பிரித்தார். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினார். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ரைதார். உள்ள வா."

தாள்கள் மேஜையில் இரண்டு அடுக்காக இருந்தன. அவள் மூக்கில் கண்ணாடி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதியவர்களின் ரத்த அழுத்தம் பார்க்கும்போது வைத்துக்கொள்ளும் முகம்.

"ரெண்டு பக்கமும் படிச்சேன்," என்றாள். "தொண்ணூத்தி நாலு லிஸ்ட்டை அடுப்புல போடக்கூடாதா? அந்தத் தாளோட மறுபக்கக் கவிதையில நான் இருக்கேன், அதான் போடல. எண்ணை மட்டும் கறுப்பு மையால அடிச்சிட்டேன்."

"நீ இருக்கேன்னு எப்படித் தெரியும்?"

"என் முதுகு எனக்குத் தெரியாதா? ஆனா இந்தப் பச்சைக் கோட்டு எனக்கு இருந்ததே இல்ல. நீலம்."

"கவிதையில பச்சை."

"கவிதையில எதுவும் இருக்கட்டும். கொக்கியில நீலம்தான் தொங்கிச்சு." தாளைப் புரட்டினாள். "இதுல என்னமோ பறவை மாதிரி குனியறேன்னு எழுதியிருக்க. இடுப்பு வலி. அந்த வருஷம் முழுக்க இடுப்பு வலி."

"தெரியாது."

"எப்படித் தெரியும்? மாடியில இருந்தா இடுப்பு தெரியாது." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஒண்ணு கேக்கறேன். இருபத்திரண்டு வருஷம் ஜன்னல்ல நின்னு, நான் ஐஸ் சுரண்டறதை இவ்வளவு கவனமா பார்த்திருக்க. கையுறையில எந்த விரல்ல ஓட்டைன்னுகூட எழுதியிருக்க. ஒரு தடவை இறங்கி வந்து சுரண்டியிருக்கலாம்ல?"

ரைதார் நாற்பது வருடமாக அஞ்சிய எல்லா விமர்சனத்திலும் இது இல்லை.

"காபி ஆறிடும்னு," என்றார்.

குன்வோர் சிரித்துவிட்டாள். தோள் குலுங்கும் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினால் மட்டும்தானா என்று அவர் பார்க்க முயன்றார். அவள் முகத்தைத் திருப்பி ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள்.

"மோசமில்ல," என்றாள் முதுகு காட்டியபடி. கொஞ்சம் கழித்து, "மோசமே இல்ல."

அவள் அடுத்த அறைக்குப் போன பிறகு சின்ன அடுக்கை எடுத்துப் பார்த்தார். ஒன்பது தாள்கள். எண்ணிக்கையை அவர் சொல்லவே இல்லை, அவளே பிரித்திருந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஒரு சொல், தேதி, ஒரு எழுத்து. பார்த்தேன். கு. பச்சைக் கோட்டின் பக்கத்தில் மட்டும் கூடுதலாக: நீலம்.

"மத்த பதினாலுல ஏன் போடல?" என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"அதுல நான் இல்லையே. அதுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல."

இரண்டு அடுக்கும் ஒரே கவருக்குள் போய், ஒரு பெட்டியில் வாஃபிள் சுடும் இரும்புத் தட்டுக்கும் காபிக் கெட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்தன. 'ஃப்ளாட், முதலில் திறக்கவும்' என்று அந்தப் பெட்டியில் எழுதியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை குன்வோருக்கு வேலை. பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி குளிர், கார் வெள்ளைப் பாறையாக நின்றது. புது ஃப்ளாட்டில் காருக்குக் கூரை உண்டு. வீட்டில் இன்னும் ஐந்தாறு வாரம்தான். ரைதார் காபியை மூடி வைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். சுரண்டியில் பித்தளை முனை எந்தப் பக்கம், பிளாஸ்டிக் முனை எந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் திருப்பிப் பார்த்தார். பனி நினைத்ததைவிடக் கெட்டி. இரண்டு நிமிடத்தில் இடுப்பு பேச ஆரம்பித்தது.

நிமிர்ந்தபோது மாடி ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. அவள் சீருடையில், கையில் கோப்பையோடு நின்றிருந்தாள். அவர் கோப்பை. ஜன்னலின் மஞ்சள் சட்டத்துக்குள் நெற்றி, கண்ணாடி, வாய் எல்லாம் நேராகத் தெரிந்தன. அவர் சுரண்டியைத் தொங்கவிட்டபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

அவள் விரலால் ஜன்னலைத் தட்டினாள். பிறகு காரின் வலது மூலையைச் சுட்டிக் காட்டினாள். அங்கே இன்னும் பனி இருந்தது.